பேக்ஃபிளஷ் போட்ட பிறகு ஆர்ஐபி கணக்கில் 8,700 வெள்ளி மிஞ்சுகிறது, எங்கே தேடுவது?

மாதக்கடைசி எழுதியது:

வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் எல்இடி விளக்குக்கான டிரைவர் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்களுடையது ஜஸ்ட் இன் டைம் முறை. காலையில் சப்ளையர் லாரி வரும், சரக்கு நேரே லைனுக்குப் போகும், ஸ்டோரில் மூன்று நாள் சாமானுக்கு மேல் இருக்காது. அதனால் ஸ்டோர் இஷ்யூ சீட்டு, வேலை நடக்கும் சரக்குக்கென்று தனிக் கணக்கு, இதெல்லாம் கிடையாது. எல்லாம் பேக்ஃபிளஷ்தான், அதாவது போர்டு முடிந்த பிறகு அதற்குரிய சாமானை மொத்தமாகக் கழிப்பது.

போன மாதக் கணக்கு இது. ஒரு போர்டுக்கு ஸ்டாண்டர்ட் பொருட்செலவு 18 வெள்ளி, கன்வெர்ஷன் 6 வெள்ளி, ஆக 24. கன்வெர்ஷன் என்பது கூலி, மின்சாரம் போன்ற செலவு. ஆர்ஐபி என்பது மூலப்பொருளும் லைனில் இருக்கும் சாமானும் சேர்ந்த கணக்கு, எஃப்ஜி என்பது முடிந்த போர்டுக்கான கணக்கு.

சரக்கு வாங்கியபோது: ஆர்ஐபி டெபிட் 374,000, சப்ளையர் கிரெடிட் 374,000.
சம்பளம், மின்சாரம், தேய்மானம்: கன்வெர்ஷன் கன்ட்ரோல் டெபிட் 128,500.
20,000 போர்டு முடிந்தபோது: எஃப்ஜி டெபிட் 480,000, ஆர்ஐபி கிரெடிட் 360,000, கன்வெர்ஷன் அலொகேட்டட் கிரெடிட் 120,000.
19,400 போர்டு விற்றபோது: விற்பனை அடக்கம் டெபிட் 465,600, எஃப்ஜி கிரெடிட் 465,600.

ஆர்ஐபி ஆரம்ப இருப்பு 42,000. எனவே புத்தகப்படி முடிவில் 56,000 இருக்க வேண்டும். மாதக் கடைசியில் ஸ்டோரையும் லைனையும் எண்ணினால் 47,300தான் வருகிறது. 8,700 வெள்ளி எங்கே போனது என்று தெரியவில்லை. மேனேஜர், "எல்லாவற்றையும் விற்பனை அடக்கத்தில் தள்ளிவிடு, ஆடிட்டர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். தள்ளிவிடலாமா? நான்கு பதிவில் எது தப்பு?

---

லீன்_பித்தன் எழுதியது:

உங்கள் மேனேஜர் சொல்வதுதான் சரி தங்கச்சி. பேக்ஃபிளஷின் நோக்கமே கணக்கு வேலையைக் குறைப்பதுதான். 465,600 விற்பனை அடக்கத்தில் 8,700 என்பது 2 சதவீதம்கூட இல்லை. அதைத் தேட நீங்கள் செலவழிக்கும் நேரத்தின் கூலியே அதைவிட அதிகம். ஜஸ்ட் இன் டைமில் இருப்பு மிகக் குறைவு, வந்த சரக்கெல்லாம் அந்த மாதமே விற்றும் போகிறது. ஆகவே எங்கே வைத்தாலும் கடைசியில் விற்பனை அடக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். மாதாமாதம் எண்ணிப் பார்ப்பதையே நாங்கள் நிறுத்திவிட்டோம்.

---

ஸ்டோர்க்காரன் எழுதியது:

எண்ணும்போது சப்ளையருடைய கன்சைன்மென்ட் ரேக்கையும் சேர்த்து எண்ணினீர்களா? எங்கள் இடத்தில் சில சாமான் சப்ளையர் பேரிலேயே எங்கள் ஸ்டோரில் கிடக்கும். எடுத்த பிறகுதான் அது நம்முடைய சரக்கு. புது ஆள் எண்ணினால் அதையும் சேர்த்துவிடுவான். ஒருதடவை இதனால் எங்கள் சூப்பர்வைசருக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் பெரிய சண்டையே வந்தது.

---

மாதக்கடைசி எழுதியது:

அண்ணே, எங்களிடம் கன்சைன்மென்ட் இல்லை. இருந்து அதைச் சேர்த்து எண்ணியிருந்தால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்? எனக்குக் குறைகிறது.

---

ஸ்டோர்க்காரன் எழுதியது:

ஆமாம், அதுவும் சரிதான். நான் தலைகீழாகப் படித்துவிட்டேன் போல.

---

பழைய_காஸ்டிங் எழுதியது:

மாதக்கடைசி, உங்கள் நான்கு பதிவும் சரி. தப்பு பதிவில் இல்லை, மூன்றாவது பதிவு எதை நம்பிப் போடப்படுகிறது என்பதில் இருக்கிறது. 20,000 போர்டு முடிந்தது என்றதும் கணினி பிஓஎம், அதாவது ஒரு போர்டுக்கு எந்தச் சாமான் எத்தனை என்ற பட்டியலைப் பார்த்து 20,000 போர்டுக்கு உரிய சாமானைக் கழித்துவிடும். லைனில் உண்மையில் என்ன செலவானது என்று அது யாரையும் கேட்பதில்லை. ரொட்டி சானாய் கடையில் மாலையில் விற்ற ரொட்டியை எண்ணி, இத்தனை ரொட்டிக்கு இத்தனை கிலோ மாவு போயிருக்கும் என்று எழுதுவது மாதிரி. கீழே விழுந்த உருண்டை அந்தக் கணக்கில் வராது, மாவு மூட்டையைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஆகவே வழக்கமான முறையில் மூன்று நான்கு இடங்களில் தெரியக்கூடிய பிழைகள் எல்லாம் இங்கே ஆர்ஐபி இருப்பு என்ற ஒரே எண்ணில் வந்து குவியும். அந்த எண்ணை மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. சாமான் வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி. லைனில் பாதி செய்து நின்ற போர்டுகளை எப்படி எண்ணினீர்கள்? அவற்றிலும் சாமான் இருக்கிறது, ஆனால் இன்னும் பேக்ஃபிளஷ் ஆகவில்லை. அவற்றை விட்டுவிட்டு எண்ணினால் இருப்பு குறைந்துதான் தெரியும்.

---

மாதக்கடைசி எழுதியது:

அக்கா, பாதியில் நின்றவை 310 போர்டு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அதுவரை என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று பார்த்து, சாமானாகப் பிரித்து 47,300இல் சேர்த்துவிட்டோம். சாமான் வாரிப் பட்டியல் நாளை எடுத்துப் போடுகிறேன்.

---

பிறைப்பாலம் எழுதியது:

நான் பிறையில் வேறு தொழிற்சாலை. உங்களிடம் எஸ்ஏபி இருந்தால் முதலில் COGI திரையைத் திறந்து பாருங்கள். எங்களுக்கு இதே தலைவலி வந்தது. ஸ்டோரிலிருந்து லைனுக்கு சாமானை ஆள் தள்ளிக்கொண்டு போய்விடுவான், ஆனால் அந்த மாற்றத்தைக் கணினியில் பதிய மாட்டான். கணினிக்கு லைன் இருப்பு சுழி. போர்டு முடிந்தது என்று பதிந்ததும் கழிக்கப் பார்க்கும், இருப்பு இல்லை, உடனே அந்த வரியைத் தூக்கி COGI-இல் போட்டுவிடும். எஃப்ஜி ஏறியாச்சு, சாமான் இறங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த ஆர்டரில் பொருட்செலவே ஏறாததால் வேரியன்ஸ் நமக்குச் சாதகமாகத் தெரியும். "இந்த மாதம் சிக்கனமாகச் செய்திருக்கிறார்கள்" என்று மீட்டிங்கில் பாராட்டுகூட நடந்தது. அடுத்த மாதம் எண்ணியபோதுதான் இருப்பு இல்லை என்று தெரிந்தது. இப்போது COGI காலியாகாமல் மாதக் கணக்கை மூடுவதில்லை.

---

மாதக்கடைசி எழுதியது:

எங்களுடையது எஸ்ஏபி இல்லை, சின்ன சிஸ்டம். இருப்பு இல்லாவிட்டாலும் மைனஸில் விட்டுவிடும். எனவே அப்படி நிற்கும் வரி எதுவும் கிடையாது.

பட்டியல் எடுத்துவிட்டேன். பெரும்பாலான சாமானில் வித்தியாசம் இல்லை, இருந்தாலும் ஒன்றிரண்டு வெள்ளிதான், கூட்டிக் கழித்தால் சுழி. நான்கில்தான் விஷயம் இருக்கிறது:

டிரான்ஸ்ஃபார்மர், விலை 5.20: புத்தகத்தைவிட 900 குறைவு, 4,680 வெள்ளி.
கெப்பாசிட்டர், விலை 0.80: 5,000 குறைவு, 4,000 வெள்ளி.
மாஸ்ஃபெட் பழைய வகை, விலை 0.90: 2,000 கூடுதல், 1,800 வெள்ளி.
மாஸ்ஃபெட் இன்னொரு சப்ளையர் வகை, விலை 0.91: 2,000 குறைவு, 1,820 வெள்ளி.

கூட்டிக் கழித்தால் சரியாக 8,700.

---

பழைய_காஸ்டிங் எழுதியது:

அருமை. இதைத்தான் பார்க்க வேண்டும். வித்தியாசத்தின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும்.

மாஸ்ஃபெட் இரண்டையும் முதலில் எடுங்கள். ஒன்றில் 2,000 கூடுதல், இன்னொன்றில் அதே 2,000 குறைவு. இப்படி ஜோடியாக வந்தால் மாற்றுச் சாமான் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய வகை கிடைக்காத சமயத்தில் வேறு சப்ளையர் வகையை வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். பிஓஎம்-இல் பழையதுதான் இருக்கிறது, அதனால் போடாத சாமானைக் கணினி கழித்தது, போட்டதைக் கழிக்கவில்லை. பண வித்தியாசம் வெறும் 20 வெள்ளி. ஆனால் இதை விட்டுவைத்தால் கணினி பழைய வகையின் இருப்பைக் குறைத்துக் காட்டி, தேவையில்லாமல் இன்னும் வாங்கச் சொல்லும்.

கெப்பாசிட்டரில் 5,000 என்று முழு எண். கழிவு இப்படி உருண்டையாக வராது. மாத நடுவில் டிசைன் மாறியதா என்று எஞ்சினியரிங்கில் கேளுங்கள். மாற்றத்துக்குப் பிறகு செய்த போர்டின் எண்ணிக்கை 5,000 என்றால் விடை கிடைத்துவிட்டது.

டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு சாமான் மட்டும் தனியாகக் குறைகிறது, ஜோடியும் இல்லை, டிசைன் மாற்றமும் இல்லை என்றால் கழிவுதான். லைனில் சொல்லாமல் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

இங்கே இல்லாத நான்காவது வடிவம் ஒன்றும் உண்டு. எல்லாச் சாமானும் ஒரே விகிதத்தில் குறைந்தால் போர்டு முடிந்திருக்கிறது, முடிந்தது என்று பதியவில்லை. பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் இரவு ஷிப்டு விட்டுப்போன தட்டுகளைத் தேட வேண்டும். எல்லாமே ஒரே விகிதத்தில் கூடினால் ஒரே போர்டை இரண்டு தடவை பதிந்திருப்பார்கள்.

---

லீன்_பித்தன் எழுதியது:

இவ்வளவு துப்பறிந்தும் கடைசியில் அதே 8,700 விற்பனை அடக்கத்துக்குத்தான் போகப்போகிறது. நான் சொன்னதில் என்ன மாறியது?

---

மாதக்கடைசி எழுதியது:

எஞ்சினியரிங்கில் கேட்டுவிட்டேன். இரைச்சலைக் குறைக்க இரண்டு கெப்பாசிட்டருக்குப் பதில் மூன்று போட ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மாதக் கடைசிவரை முடித்தது 5,000 போர்டேதான். மாற்றத் தாளில் மூன்று கையெழுத்து இருக்கிறது, அக்கவுண்ட்ஸுக்கு நகல் வரவில்லை, பிஓஎம்-ஐ யாரும் தொடவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்துக்கு லைனுக்கே போய்ப் பார்த்தேன். அந்த ஸ்டேஷனில் இருக்கும் அக்கா ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி போர்டில் இறக்குகிறார். கால் நான்கும் துளைக்கு நேராக நின்றால் சட்டென்று இறங்குகிறது. கொஞ்சம் வளைந்திருந்தால் ஒரு கால் அடியோடு மடங்கி, நிமிர்த்தினால் கையோடு வந்துவிடுகிறது. அதைக் காலடியில் இருக்கும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார். சீட்டு எழுதுவதில்லையா என்று கேட்டேன். "எழுதினால் என் பேரில் ஏறும், எழுதாவிட்டால் யாரும் கேட்பதில்லை" என்றார். வார இறுதியில் பழைய இரும்பு வாங்குபவர் வந்து தொட்டியோடு எடுத்துப்போகிறாராம். எடைக்குக் காசு கொடுக்கிறார், எத்தனை டிரான்ஸ்ஃபார்மர் என்று யாரும் எண்ணவில்லை.

---

பழைய_காஸ்டிங் எழுதியது:

அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. தட்டில் அடுக்கி வரும்போதே கால் வளைந்து வந்தால் அது சப்ளையர் பேக்கிங் பிரச்சினை, திருப்பி அனுப்பிப் பணம் கேட்கலாம். ஆனால் சீட்டு இல்லாமல் எதை வைத்துக் கேட்பீர்கள்?

இப்போது லீன்_பித்தன் தம்பிக்குப் பதில். பாதி சரி என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 20,000இல் 19,400 விற்றுவிட்டது, எனவே பெரும்பகுதி விற்பனை அடக்கத்துக்குத்தான் போகும். ஆனால் முழுவதும் இல்லை, எல்லாம் ஒரே தன்மையும் இல்லை.

கெப்பாசிட்டர் 4,000 வெள்ளி நஷ்டமே இல்லை, போர்டுக்குள் இருக்கிறது. கையில் நிற்கும் 600 போர்டும் கடைசியில் செய்தவை என்று எடுத்துக்கொண்டால் 600 பெருக்கல் 0.80, அதாவது 480 வெள்ளி எஃப்ஜி-யில் ஏற வேண்டும். மீதி 3,520 விற்றுப்போன போர்டுக்கு உரியது. முக்கியமான விஷயம், இந்த மாதத்திலிருந்து ஸ்டாண்டர்ட் 24 இல்லை, 24.80. விற்பனைக்காரர்கள் இன்னும் 24 என்று நினைத்து விலை பேசிக்கொண்டிருப்பார்கள். மொத்தமாகத் தள்ளியிருந்தால் இது யாருக்கும் தெரியவே தெரியாது, மாதாமாதம் போர்டுக்கு 80 காசு அங்கே போய்க்கொண்டே இருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் 900 என்பது 20,000க்கு 4.5 சதவீதம். உங்கள் எஞ்சினியர் சாதாரணமாக எவ்வளவு உடையும் என்கிறார்?

---

மாதக்கடைசி எழுதியது:

1 சதவீதம் என்கிறார். பிஓஎம்-இல் கழிவு என்று ஒன்றுமே போடவில்லை, போர்டுக்கு ஒன்று என்றுதான் இருக்கிறது.

---

பழைய_காஸ்டிங் எழுதியது:

அப்படியானால் 200 சாதாரணக் கழிவு, 1,040 வெள்ளி. மீதி 700 அசாதாரணம், 3,640 வெள்ளி. முடிவுப் பதிவு இப்படி வரும்:

அசாதாரணக் கழிவு நஷ்டம் டெபிட் 3,640
விற்பனை அடக்கம் டெபிட் 4,580
எஃப்ஜி டெபிட் 480
ஆர்ஐபி கிரெடிட் 8,700

அந்த 4,580 என்பது 1,040, 3,520, மாஸ்ஃபெட் 20 மூன்றும் சேர்ந்தது. 1,040இல் ஒரு சிறு பங்கு கையிருப்புப் போர்டுக்கும் போகலாம், முப்பது வெள்ளிக்கு நான் மெனக்கெட மாட்டேன்.

பிஓஎம்-இல் கெப்பாசிட்டரை மூன்றாக்குங்கள், டிரான்ஸ்ஃபார்மரை 1.01 ஆக்குங்கள். 1.045 ஆக்கச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் வித்தியாசம் மறைந்துவிடும், உடைவது நிற்காது.

---

ஆடிட்_ராத்திரி எழுதியது:

கேஎல்-இல் ஆடிட் பக்கம் இருக்கிறேன். பழைய காஸ்டிங் சொன்ன பதிவு எங்கள் கண்ணுக்கும் சரியாகப் படும். இருப்புக்கான மலேசியக் கணக்கியல் தரமான எம்எஃப்ஆர்எஸ் 102 ஸ்டாண்டர்ட் காஸ்டை அனுமதிக்கிறது, ஆனால் அது உண்மைச் செலவுக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும், அவ்வப்போது திருத்த வேண்டும். அசாதாரண விரயத்தை இருப்பில் ஏற்றக் கூடாது. "தள்ளிவிட்டோம்" என்று ஒரே வரியில் 8,700 இருந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி எண்ணிக்கைத் தாள் எங்கே என்பதுதான். சாமான் வாரிப் பட்டியலும் எஞ்சினியரிங் மாற்றத் தாளும் இருந்தால் விஷயம் பத்து நிமிடத்தில் முடியும்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம். அந்த 310 பாதிப் போர்டில் சாமான் மட்டும் ஆர்ஐபி-யில் இருக்கிறது. கூலி, மின்சாரம் ஒன்றும் இல்லையே?

---

பழைய_காஸ்டிங் எழுதியது:

இல்லைதான். முடிந்த பிறகே கன்வெர்ஷன் ஏறும், அதுதான் இந்த முறையின் சுருக்கம். சராசரியாகப் பாதி வேலை முடிந்தது என்று வைத்தால் 310 பெருக்கல் 3, அதாவது 930 வெள்ளி. வேண்டுமானால் ஆண்டு இறுதியில் ஆர்ஐபி டெபிட், விற்பனை அடக்கம் கிரெடிட் என்று ஒரு பதிவு போட்டு, மறு மாதம் திருப்பிவிடலாம். மாதாமாதம் தேவையில்லை என்பது என் கருத்து.

---

ஆடிட்_ராத்திரி எழுதியது:

930 என்றால் நானும் விட்டுவிடுவேன். ஆனால் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் போர்டை எரியவிட்டுச் சோதிக்கும் அறையில் நாள்கணக்கில் வைக்கிறார்கள். அங்கே மாதக் கடைசியில் பாதிச் சரக்கு மலைபோல் நிற்கும். அவர்களும் பேக்ஃபிளஷ்தான் போடுகிறார்கள், சாமான் கொண்டுவருவது ஜஸ்ட் இன் டைம் என்பதால். இருப்பு குறைவு என்ற அடிப்படையே அங்கே பொருந்தவில்லை என்பது என் வாதம், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

---

பழைய_காஸ்டிங் எழுதியது:

அங்கே உங்கள் பக்கம்தான் நியாயம். சாமான் வேகமாக வந்தால் மட்டும் போதாது, வேலையும் வேகமாக வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் சோதனை அறைக்கு முன்னால் இன்னொரு பதிவுப் புள்ளி வைத்து, அதுவரையான கன்வெர்ஷனை ஏற்றலாம்.

---

பேப்பர்_எழுதுகிறவன் எழுதியது:

மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. கன்வெர்ஷன் 128,500 செலவு, 120,000 ஏற்றியிருக்கிறார்கள். மீதி 8,500ஐப் பற்றி யாரும் பேசவில்லை. அதுவும் 8,700க்குக் கிட்டத்தட்ட வருகிறது, இரண்டும் ஒன்றா? பரீட்சையில் இதை எஃப்ஜி-க்கும் விற்பனை அடக்கத்துக்கும் விகிதப்படி பிரி என்று கேட்பார்கள்.

---

பழைய_காஸ்டிங் எழுதியது:

எண் பக்கத்தில் இருக்கிறது, உறவு எதுவும் இல்லை. 8,700 சாமான், 8,500 கூலியும் கட்டிடமும் மெஷினும். மாதக்கடைசி, உங்கள் 6 வெள்ளியில் நிலைச்செலவு எவ்வளவு?

---

மாதக்கடைசி எழுதியது:

போர்டுக்கு 4 வெள்ளி நிலைச்செலவு, 2 வெள்ளி மாறும் செலவு. 22,000 போர்டை வழக்கமான உற்பத்தியாக வைத்துப் போட்ட கணக்கு. போன மாதம் சீனப் பெருநாள் விடுமுறை, 20,000தான் செய்தோம்.

---

பழைய_காஸ்டிங் எழுதியது:

அப்போது நிலைச்செலவு 88,000, அதில் 80,000தான் போர்டில் ஏறியது. 8,000 வெள்ளி விடுமுறையில் லைன் சும்மா நின்றதற்கு. மிச்சம் 500 மட்டுமே கூடுதல் செலவு. உற்பத்தி குறைந்ததால் ஏறாமல் நின்ற நிலைச்செலவை அந்த மாதச் செலவாகத்தான் எழுத வேண்டும், எஃப்ஜி-க்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. இதுவும் அதே எம்எஃப்ஆர்எஸ் 102தான். பரீட்சையில் கேட்டபடி எழுதுங்கள் தம்பி, வேலைக்கு வந்த பிறகு ஏன் ஏறவில்லை என்று முதலில் கேளுங்கள்.

---

லீன்_பித்தன் எழுதியது:

சரி, கெப்பாசிட்டர் விஷயத்தில் அக்கா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாருமே ஒன்றை மறந்துவிட்டீர்கள். போர்டு முடிந்ததும் பேக்ஃபிளஷ் போடுவதே தப்பு, விற்றதும் போட வேண்டும். முடிந்ததும் போட்டால் எஃப்ஜி-யில் கன்வெர்ஷன் ஏறிவிடும். மாதக் கடைசியில் புரடக்‌ஷன் மேனேஜர் ஆர்டர் இல்லாமலே நாலாயிரம் போர்டு அடித்துத் தள்ளி, செலவை ஏற்றிவிட்டோம் என்று காட்டுவார். விற்றதும் மட்டும் போட்டால் அந்த வேலை நடக்காது. எங்களுடையது அப்படித்தான். எண்ணவும் தேவையில்லை.

---

பழைய_காஸ்டிங் எழுதியது:

மேனேஜர் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மாதக்கடைசியின் கணக்கையே அப்படிப் போட்டுப் பாருங்கள். 19,400 விற்றபோதுதான் பதிவு: விற்பனை அடக்கம் 465,600, ஆர்ஐபி கிரெடிட் 349,200, கன்வெர்ஷன் 116,400. எஃப்ஜி கணக்கே இல்லை. ஏறாமல் நிற்கும் கன்வெர்ஷன் 8,500க்குப் பதில் 12,100 ஆகிறது. விற்காத 600 போர்டில் போட்ட 3,600 வெள்ளி வேலை நேரே அந்த மாதச் செலவில் விழுகிறது. சரக்கு சேர்த்து லாபம் காட்ட முடியாது, அது நல்லதுதான். ஆனால் ஆண்டு இறுதியில் அந்த 3,600ஐத் திரும்ப இருப்பில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆடிட்_ராத்திரி உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்.

எண்ணத் தேவையில்லை என்பதைத்தான் ஏற்க மாட்டேன். இந்த முறையிலும் டிரான்ஸ்ஃபார்மர் அதே 900 குறையும், ஆர்ஐபி இதே மாதிரி கூடுதலாகக் காட்டும். சொல்லப்போனால் முடிந்த போர்டின் சாமானும் அதே கணக்கில் கிடப்பதால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

---

லீன்_பித்தன் எழுதியது:

எங்கள் ஆர்ஐபி-யை ஒருமுறை சாமான் வாரியாகப் பிரித்துப் பார்க்கிறேன். என்ன வருகிறதோ சொல்கிறேன். விற்பனைதான் சரியான புள்ளி என்பதில் மட்டும் மாற்றமில்லை.

---

பிறைப்பாலம் எழுதியது:

அந்த சிவப்புத் தொட்டி எனக்கு உறுத்துகிறது. உங்களுடையது வரி விலக்கோடு சாமான் இறக்கும் லைசென்ஸ் பெற்ற இடமா? சுங்கச் சட்டம் 65ஏ பிரிவில் எங்களுடையது அப்படிப்பட்ட இடம். வரி கட்டாமல் வந்த சாமான் ஒவ்வொன்றும் எங்கே போனது என்று சுங்கத்துக்குக் காட்ட வேண்டும், கழிவைக்கூட அவர்களுக்குத் தெரியாமல் வெளியே விற்க முடியாது. கணினியில் இருப்பது பிஓஎம்படி போயிருக்க வேண்டிய அளவுதான், உண்மையில் போன அளவு இல்லை. அதிகாரி வந்து 900 டிரான்ஸ்ஃபார்மர் எங்கே என்று கேட்டால் பழைய இரும்புக்காரரின் எடைச் சீட்டையா காட்டுவீர்கள்?

---

மாதக்கடைசி எழுதியது:

அண்ணே, டிரான்ஸ்ஃபார்மர் இறக்குமதிதான். எங்கள் இடத்தின் லைசென்ஸ் எந்த வகை என்று எனக்குத் தெரியாது, ஷிப்பிங் பிரிவில் கேட்க வேண்டும். மேனேஜரிடம் இதைச் சொன்னதும் முதல்முறையாக முகம் மாறியது. இரும்புக்காரரை இந்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

---

ஸ்டோர்க்காரன் எழுதியது:

சீட்டு எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள், அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் இடத்தில் ஓப்பரேட்டர் பேர் எழுதும் கட்டத்தையே எடுத்துவிட்டோம். ஸ்டேஷன் எண், சாமான் எண், எத்தனை, அவ்வளவுதான். தொட்டிக்குப் பதில் துளை போட்ட தட்டு, ஐம்பது குழி. தட்டு நிறைந்தால் ஸ்டோருக்கு வரும், நான் புதுத் தட்டு கொடுத்து ஐம்பது என்று பதிவேன். எழுத வேண்டியதே இல்லை.

---

பழைய_காஸ்டிங் எழுதியது:

இது நல்ல யோசனை. தட்டு ஸ்டோருக்கு வந்ததுமே கழிவு நஷ்டம் டெபிட், ஆர்ஐபி கிரெடிட் என்று பதிவு போட்டால், மாதக் கடைசியில் ஆர்ஐபி-யில் மிஞ்சுவது உண்மையிலேயே தெரியாத வித்தியாசம் மட்டும்தான். சாதாரணமான 1 சதவீதத்தைப் பிஓஎம் ஏற்கெனவே கழித்திருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். தட்டில் வந்தது எல்லாவற்றையும் பதிந்தால் அந்த 1 சதவீதம் இரண்டு தடவை கழியும், இருப்பு கூடுதலாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒன்று பிஓஎம்-இல் 1.01 வையுங்கள், தட்டில் அதற்கு மேல் வருவதை மட்டும் பதியுங்கள். அல்லது பிஓஎம்-ஐ 1 ஆகவே விட்டு முழுவதையும் தட்டில் பதியுங்கள்.

---

மாதக்கடைசி எழுதியது:

1 ஆகவே விட்டுவிட்டுத் தட்டை வைக்கலாம் என்று நினைக்கிறேன், குழப்பம் குறைவு. சாதாரணம், அசாதாரணம் என்று பிரிப்பதை மாதக் கடைசியில் நானே செய்துகொள்கிறேன்.

---

ஆடிட்_ராத்திரி எழுதியது:

அப்படிச் செய்தால் அந்த 1 சதவீதம் ஸ்டாண்டர்டில் இருக்காது, எஃப்ஜி மதிப்பு போர்டுக்கு 5 காசு குறைவாக நிற்கும். 600 போர்டுக்கு எனக்குக் கவலையில்லை. ஆனால் விலை பேசுகிறவர்களுக்குக் கொடுக்கும் எண்ணில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

---

மாதக்கடைசி எழுதியது:

சேர்த்துவிடுகிறேன். தட்டு நேற்று வைத்தோம், அந்த ஸ்டேஷனில் மட்டும். மதியத்துக்குள் முதல் தட்டில் 31 குழி நிறைந்துவிட்டது. அதில் 26 ஒரே பெட்டியிலிருந்து வந்தவை, எல்லாவற்றிலும் ஒரே பக்கத்துக் கால் வளைந்திருக்கிறது. படம் எடுத்து வாங்கும் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். சப்ளையர் பணம் திருப்பித் தந்தால் அந்த கிரெடிட் நோட்டை ஆர்ஐபி-யில் போடுவதா, கழிவு நஷ்டத்திலேயே கழிப்பதா?

---

பழைய_காஸ்டிங் எழுதியது:

சாமானை ஆர்ஐபி-யிலிருந்து ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால் கழிவு நஷ்டத்தில்தான் கழிக்க வேண்டும். ஆர்ஐபி-யில் போட்டால் இல்லாத சரக்குக்கு இருப்பு குறையும். ஆனால் போன மாதத்து 700க்கும் சேர்த்துக் கேட்கப் போகிறீர்களா? அதற்குத்தான் தட்டும் இல்லை, சரக்கும் இல்லை.

---

லீன்_பித்தன் எழுதியது:

எங்கள் பட்டியல் வந்துவிட்டது. ஒரு கனெக்டர் மைனஸ் 11,000. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, தனி இழை போடுகிறேன்.